முதல் மார்க்கை வைத்து எல்லார் மார்க்கையும் அளக்கலாமா?

புனேயிலோ டெல்லியிலோ பிள்ளைகளை சி.பி.எஸ்.இ.யில் படிக்க வைத்துவிட்டு, இன்ஜினியரிங்குக்கு மட்டும் ஊருக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் நம்மவர் வீடுகளில் ரிசல்ட் நேரத்தில் ஒரே கேள்விதான். "நார்மலைசேஷன் பண்ணுவாங்களாமே, நம்ம பையனுக்குக் கூடுமா, குறையுமா?" எண்களோடு மாரடிப்பதுதான் எனக்குப் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வரும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: இப்போதைய முறை இந்த வேலைக்கு ஏற்ற முறை இல்லை.

முதலில் முறை என்னவென்று பார்ப்போம். தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சேர்க்கைச் சட்டத்தில் இது இருக்கிறது. மற்ற போர்டில் ஒரு பாடத்தின் முதல் மார்க்கை, ஸ்டேட் போர்டின் முதல் மார்க்குக்குச் சமமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களின் மார்க் அதே விகிதத்தில் உயரும். இங்கே முதல் மார்க் 100, அங்கே 90 என்றால், அங்கே 60 வாங்கிய பிள்ளைக்கு 66.66.

எங்கள் தொழிலில் இதை மின்-மேக்ஸ் என்போம். குறைந்தபட்சத்தை 0 ஆகவும் அதிகபட்சத்தை 100 ஆகவும் வைத்து, நடுவில் இருப்பதை விகிதப்படி நீட்டுவது. லட்சம் பேர் எழுதும் தேர்வில் யாராவது 0 பக்கத்தில் இருப்பார்கள் என்பதால் கீழ்முனை மாறாது. மேல்முனை மட்டும்தான் வேலை செய்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 'அ' போர்டில் கணக்கு சராசரி 70, திட்ட விலக்கம் 15, முதல் மார்க் 100. 'ஆ' போர்டில் பேப்பர் கடினம்: சராசரி 55, திட்ட விலக்கம் 20, முதல் மார்க் 95. திட்ட விலக்கம் என்றால், பிள்ளைகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதன் அளவு, அவ்வளவுதான்.

'அ'வில் ஒரு பெண் 85, 'ஆ'வில் ஒரு பையன் 75. சட்டத்தின் முறைப்படி அவள் 85லேயே இருப்பாள்; அவனுக்கு 78.95 ஆகும். இப்போது 'ஆ' போர்டில் எங்கோ ஒரே ஒரு பிள்ளை 95க்குப் பதில் 100 வாங்கிவிட்டதென்று வையுங்கள். நம் பையன் திரும்ப 75க்கு வந்துவிடுவான். கட்-ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆக, 200க்குக் கிட்டத்தட்ட 4 மார்க் போச்சு. பையன் அதே பையன், பேப்பர் அதே பேப்பர். யாரோ முகம் தெரியாத ஒருவர் நன்றாக எழுதியதுதான் காரணம். இரண்டு போர்டிலும் யாராவது 100 வாங்கிவிட்டால், பேப்பர் எவ்வளவு கடினமாக இருந்திருந்தாலும் திருத்தமே கிடையாது.

இதையே தரப்படுத்திப் பார்ப்போம். மார்க்கிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். எக்ஸெலில் `=STANDARDIZE(75,55,20)` என்று போட்டால் விடை 1. அந்தப் பெண்ணுக்கு `=STANDARDIZE(85,70,15)`, அதுவும் 1. இருவரும் தங்கள் கூட்டத்தில் ஒரே அளவு முன்னே நிற்கிறார்கள். எங்கோ ஒருவர் 100 வாங்கினால் லட்சம் பேரின் சராசரி அசையக்கூட அசையாது.

அப்படியென்றால் மின்-மேக்ஸே தப்பா என்றால், இல்லை. முனைகளை டேட்டா தீர்மானிக்காமல், பொருள் தீர்மானிக்கும் இடத்தில் அது நல்ல முறை. ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் ஆயுட்காலத்துக்கு 20, 85 என்று இரண்டு முனைகளை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். 72 வயது என்றால் 52ஐ 65ஆல் வகுத்து 0.8. பக்கத்து நாட்டில் ஆயுள் கூடினாலும் அந்த 0.8 மாறாது.

தரப்படுத்துவதிலும் சிக்கல் உண்டு. மேலே சொன்ன 'ஆ' போர்டில் 100 வாங்கிய பிள்ளையை 'அ'வின் அளவுக்கு மாற்றினால் 103.75 வரும், அதற்கு ஒரு வரம்பு வைத்தாக வேண்டும். அதைவிடப் பெரியது இன்னொன்று. இரண்டு போர்டின் சராசரிப் பிள்ளையும் சமம் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. ஒரு போர்டில் பொறுக்கியெடுத்த பிள்ளைகள் மட்டுமே கணக்குப் பாடம் படித்தால், அங்கே சராசரியாக இருக்கும் பிள்ளைக்கு அநியாயம். இரண்டு போர்டுப் பிள்ளைகளும் எழுதிய ஒரு பொதுத்தேர்வில் அவர்கள் சராசரியை ஒப்பிட்டால் இது ஓரளவு தெரிந்துவிடும்.

அதனால் நான் கேட்பது இரண்டுதான். ஒவ்வொரு போர்டும் பாடவாரியாகச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வெளியிடட்டும். சேர்க்கைக் கணக்கு, முதலிடம் பிடித்த ஒரே ஒரு பிள்ளையை விட்டுவிட்டு, எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் வைத்து நடக்கட்டும். அதுவரை "கூடுமா, குறையுமா" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஸ்டேட் போர்டில் முதல் மார்க் 100 என்றால் குறையாது, உங்கள் போர்டிலும் யாராவது 100 வாங்கியிருந்தால் கூடவும் கூடாது.