ராசிப் பேனாவும் வெள்ளிக்கிழமை ராகு காலமும்

மாசி பிறந்தால் நம் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பெற்றோர் பலர் பிள்ளைகளோடு திருவந்திபுரம் மலையேறி, ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவை வைத்துக் கும்பிட்டு வருகிறார்கள். கும்பிடுவதில் எனக்குச் சண்டையில்லை. பயந்த பிள்ளைக்குக் கொஞ்சம் மனம் அமைதியானால் நல்லதுதான். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பேனாவுக்கு நாம் கொடுக்கும் அதிகாரத்தோடுதான் என் சண்டை.

நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபின் பொதுத்தேர்வு காலை 10.30-க்குத் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்போது? அதே 10.30 முதல் 12 வரை. திங்கட்கிழமை அந்த நேரம் எமகண்டம். ஆக, வெள்ளியன்று தேர்வு வந்தால் நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் ராகு காலத்தில்தான் முதல் வரியை எழுதுகிறார்கள். படித்தவன் தேறுகிறான், படிக்காதவன் திணறுகிறான். ராகு யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிறகு எதற்கு வாசலில் நிறுத்தி நேரம் பார்த்துப் பிள்ளையைப் பஸ்ஸைத் தவறவிட வைக்கிறோம்?

ராசி என்று எப்படி முடிவு செய்கிறோம்? ஒரு பேனாவில் எழுதி நல்ல மார்க் வந்தது, உடனே அது ராசிப் பேனா. நியாயமாக நான்கு கணக்கு வேண்டும்: அந்தப் பேனாவில் எழுதி நன்றாக வந்தது, எழுதியும் வராதது, வேறு பேனாவில் நன்றாக வந்தது, வராதது. நாம் முதல் கணக்கை மட்டும் வைத்துக்கொள்கிறோம். மார்க் குறைந்தால் "இவன் படிக்கவில்லை" என்கிறோம். பேனா மட்டும் தோற்பதே இல்லை!

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1975-இல் எல்லன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் வெளியிட்ட ஆய்வில், அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு விற்கப்பட்டது. சிலர் தாங்களே சீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு விற்றவரே எடுத்துக் கொடுத்தார். பின்பு திருப்பி விலை கேட்டபோது, கொடுத்ததை வாங்கியவர்கள் சராசரியாக ஏறக்குறைய 2 டாலர் கேட்டார்கள். தானே எடுத்தவர்கள் கேட்டது 8 டாலருக்கும் மேல். பரிசு விழும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். கை பட்டதால் அதிர்ஷ்டமும் நம் கையில் என்ற மயக்கம்.

மயக்கத்தின் விலை, பேனா தொலைந்த காலையில் தெரியும். ஆசிரியராகத் தேர்வு அறைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பாடம் தெரிந்த பெண், ராசிப் பேனா காணவில்லை என்று கை நடுங்கி, முதல் கால் மணி நேரத்தை அழுதே கழித்தாள். அந்த பயத்தை உண்டாக்கியது வினாத்தாள் இல்லை, வீடு.

கை பழகிய பேனா வேறு, ராசிப் பேனா வேறு. ஒரே மாதிரி மூன்று பேனா வாங்குங்கள். இரண்டு வாரம் அவற்றிலேயே எழுதிப் பழகட்டும். ஒன்று தொலைந்தாலும் அடுத்ததை எடுத்து எழுதுவான். தொலைந்தால் பதில் இல்லாத பொருளைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.