விலை இறங்க வேலை போகவேண்டுமா?

விலைவாசி ஏறும்போதெல்லாம் ஆளும் வட்டாரங்களிலிருந்து ஒரு பழைய உபதேசம் கிளம்புகிறது. “எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது, கூலி ஏறிவிட்டது, அதனால்தான் விலையும் ஏறுகிறது. வட்டியை உயர்த்துங்கள், கொஞ்சம் பேர் வேலை இழக்கட்டும், விலைவாசி தானே அடங்கும்” என்பதே அந்த உபதேசம். இந்த மருந்து இன்றும் வேலை செய்கிறதா? அல்லது கசப்பு மட்டும்தான் மிச்சமா? இதை அதிகமாகப் பரீட்சித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. அதன் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

உபதேசத்தின் வேர் 1958-ல் இருக்கிறது. லண்டனில் பேராசிரியராக இருந்த பிலிப்ஸ் என்பவர், 1861 முதல் 1957 வரை பிரிட்டனின் கூலிக் கணக்கையும் வேலையின்மைக் கணக்கையும் சேர்த்து ஒரு கோடு வரைந்தார். வேலையில்லாதோர் குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியது. அவர்கள் பெருகிய ஆண்டுகளில் மெதுவாக ஏறியது. இதன் சூட்சுமம் தொழிலாளிக்குப் புதிதல்ல. ஆலை வாசலில் நூறு பேர் காத்து நின்றால், உள்ளே இருப்பவன் கூலி உயர்வு கேட்கத் தயங்குவான். அறுவடைக்கு ஆள் கிடைக்காவிட்டால், மிராசுதாரர் தாமே இறங்கி வருவார். பிறகு வந்தவர்கள் கூலியின் இடத்தில் விலைவாசியை வைத்து அதே கோட்டை வரைந்தார்கள்.

கோடு செங்குத்தாக இருந்தால், சிலர் வேலை இழந்தாலே விலை ஏறும் வேகம் பெரிதும் தணியும். கோடு படுத்துவிட்டால், லட்சக்கணக்கானோர் வேலை இழந்தாலும் விலை வேகம் அசைந்து கொடுக்காது. அமெரிக்காவில் கோடு படுத்துத்தான் கிடக்கிறது.

1979-ல் பெடரல் ரிசர்வ் என்னும் அந்நாட்டு மத்திய பாங்கியின் தலைவராக வந்த பால் வோல்க்கர், வட்டியை 20 சதவிகிதம் அளவுக்குக் கொண்டுபோனார். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவிகிதம், 1 கோடியே 20 லட்சம் பேர் தெருவில் நின்றார்கள். 1980-ல் 13.5 சதவிகிதமாக இருந்த விலை ஏற்றம் 1983-ல் 3.2 ஆக இறங்கியது. மருந்து பலித்துவிட்டது என்று மார்தட்டினார்கள்.

2008 நெருக்கடிக்குப் பின் நடந்தது என்ன? 2009 அக்டோபரில் வேலையின்மை மீண்டும் 10 சதவிகிதம். பழைய கோட்டின்படி விலைவாசி அதலபாதாளத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. உணவு, எரிபொருள் நீங்கலான விலை ஏற்றம் சுமார் 2.5-லிருந்து 0.6 வரை இறங்கிற்று. 2011 இறுதியில், வேலையின்மை 8.5 சதவிகிதமாக இருக்கும்போதே, மறுபடி 2-ஐத் தாண்டிவிட்டது. 2019-ல் இதற்கு நேர்மாறு. வேலையின்மை 3.5 சதவிகிதம், ஐம்பது ஆண்டுகளில் இல்லாத குறைவு. விலைவாசி கொதித்ததா? பாங்கி வைத்த 2 சதவிகிதக் குறியைக்கூட அது எட்டவில்லை.

கோடு ஏன் படுத்தது? இரண்டு விளக்கங்கள் முக்கியமானவை.

முதலாவது, எதிர்பார்ப்பு. விலை நாளை எகிறும் என்று எல்லோரும் நம்பினால், வியாபாரி இன்றே ஏற்றுகிறான். தொழிலாளி இன்றே கூடுதல் கேட்கிறான். 1980-களுக்குப் பின் விலை ஏற்றம் 2 சதவிகிதத்தைச் சுற்றியே நிற்கும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எமி நகமுரா, ஸ்டைன்சன் உள்ளிட்ட நால்வர் மாநிலம் மாநிலமாகக் கணக்கெடுத்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கோடு 1980-களின் தொடக்கத்திலேயே ஓரளவு படுத்துத்தான் இருந்தது. பிறகு கொஞ்சமே மாறியது. வோல்க்கர் காலத்து இறக்கத்தில் பெரும்பங்கு எதிர்பார்ப்பு மாறியதால் வந்தது என்கிறது அந்த ஆய்வு. அப்படியானால் 1 கோடியே 20 லட்சம் பேரின் வேலையின்மை நேரடியாகச் சாதித்தது சொற்பமே!

இரண்டாவது, தொழிலாளியின் பேரம் பேசும் பலம். 1981-ல் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களை ஜனாதிபதி ரீகன் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தார். 1983-ல் நூற்றுக்கு 20 பேர் யூனியனில் இருந்தார்கள். 2019-ல் 10 பேர். தனியார் துறையில் 6 பேர்தான். நம் பஞ்சப்படியைப் போல விலைவாசியோடு கூலியை இணைத்த ஒப்பந்த ஷரத்துகளும் பெரும்பாலும் மறைந்தன. ஆள் பற்றாக்குறை வந்தாலும் கூலி கேட்கக் கூட்டுக்குரல் இல்லையென்றால், கூலி எப்படி ஏறும்? விலையை எப்படித் தள்ளும்? மத்திய பாங்கியின் பொருளாதாரவாதிகளான ராட்னரும் சிம்மும்கூட, கோட்டைப் படுக்க வைத்ததில் இந்தப் பலவீனத்துக்கே முக்கிய பங்கு என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு விளக்கங்களில் எது எவ்வளவு என்ற தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: வேலை பெருகினால் விலை வெடிக்கும் என்ற பயமுறுத்தலுக்கு இரண்டுமே ஆதாரம் தரவில்லை.

இந்தப் பயமுறுத்தலுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? 2014-ல், வேலையின்மை சுமார் 5.4 சதவிகிதத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்று பாங்கி மதிப்பிட்டது. 2015 டிசம்பரில் அது 5 சதவிகிதமாக இருக்கும்போதே வட்டியை ஏற்றத் தொடங்கி, 2018 முடிவதற்குள் ஒன்பது முறை ஏற்றிற்று. அப்படியும் வேலையின்மை 3.5-க்கு இறங்கியது, விலைவாசி அடங்கியே இருந்தது. 5-க்கும் 3.5-க்கும் உள்ள இடைவெளி சுமார் 24 லட்சம் பேரின் வேலை. கடைசியாக வேலைக்கு அழைக்கப்படும் கறுப்பின மக்களின் வேலையின்மை, 2010-ல் 16 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது, 6-க்கும் கீழே வந்ததும் இந்த இடைவெளியில்தான். பாங்கியின் மதிப்பீட்டோடு நின்றிருந்தால் இவர்கள் வாசலிலேயே நின்றிருப்பார்கள். மதிப்பீடு பிசகிவிட்டது என்று 2019 ஜூலையில், ஒகாசியோ-கோர்டெஸ் கேட்ட கேள்விக்கு, பாங்கித் தலைவர் பவல் ஒப்புக்கொண்டார்.

ஆனால் “கோடு செத்துவிட்டது, இனி விலையைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்று சொல்வதும் தவறு. 2022 ஜூனில் விலை ஏற்றம் 9.1 சதவிகிதத்தைத் தொட்டது. கூலியை விட விலை முந்தி ஓடியது, உழைப்பவன் நஷ்டப்பட்டான். தொற்றுநோயால் சரக்கு வரத்து முடங்கியது, உக்ரைன் யுத்தம் எரிபொருளை ஏற்றியது, அரசாங்கம் பெரும் பணம் செலவிட்டது, ஒரு வேலையற்றவருக்கு இரண்டு காலியிடங்கள் என்ற அளவுக்கு ஆள் பற்றாக்குறையும் இருந்தது. அந்த அளவு நெருக்கடியில் கோடு மறுபடி நிமிரக்கூடும் என்று சொல்லும் நிபுணர்கள் உண்டு. அதை அலட்சியம் செய்யக்கூடாது.

அப்போதும் பழைய மருந்தே எழுதப்பட்டது. முன்னாள் நிதிமந்திரி சம்மர்ஸ், ஐந்தாண்டு 5 சதவிகிதத்துக்கு மேல், அல்லது ஓராண்டு 10 சதவிகித வேலையின்மை வேண்டும் என்றார். நடந்தது என்ன? 2023 ஜூனில் விலை ஏற்றம் சுமார் 3 சதவிகிதம். வேலையின்மையோ 2022 ஜூனில் இருந்த அதே 3.6! வட்டி ஏறியது உண்மை. சரக்கு வரத்து சீரானதும் உண்மை. ஆனால் பலி கேட்கப்பட்ட லட்சக்கணக்கானோரைப் பலி கொடுக்காமலே விலை வேகம் தணிந்தது.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு இதுதான். கோடு படுத்திருக்கும் காலத்தில் வேலையின்மை என்பது விலைக்கு எதிரான மிக மலிவற்ற ஆயுதம். சிறு பலனுக்கு மிகப் பலரைப் பலி கேட்கும். ஆகவே விலை ஏறுகிறதென்றால், முதலில் எந்தச் சரக்கு, எதனால் என்று கேட்கவேண்டும். அடைப்பை அடைப்பிருக்கும் இடத்தில் நீக்கவேண்டும். விலை கண்ணுக்குத் தெரிய ஏறும் முன்பே, வெறும் மதிப்பீட்டை நம்பி வேலையை வெட்டக்கூடாது.

2020-ல் பெடரல் ரிசர்வ், வேலை பெருகுவதை மட்டுமே காரணமாக்கி வட்டியை ஏற்றமாட்டோம் என்ற கருத்தைத் தன் கொள்கை அறிக்கையில் எழுதிற்று. 2025 ஆகஸ்டில் அந்த வாசகத்தின் முக்கியச் சொல்லை எடுத்துவிட்டது. காகிதத்தில் எழுதியதைக் காகிதத்திலேயே அழித்துவிடலாம். யூனியன் பலத்தால் பெற்றதை அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது.