லாலி துரையின் சிலை எங்கே நிற்கிறது?

மைசூரு யாதவகிரி வீட்டில் வாழ்ந்த ஆர். கே. நாராயணைக் காட்டி, நெடுந்தொடர் நாவலுக்குக் கதைப்பேரேடு தேவையில்லை என வாதிடுவது ஆய்வரங்குகளில் வாடிக்கையாகிவிட்டது. மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறாரே, பிறகு கணக்கு எதற்கு என்பது வாதம். நூல்களை அடுத்தடுத்து வாசித்தவர் இதை ஏற்கமாட்டார்.

லாலி என்னும் பெயர் 1935இல் வெளியான முதல் நாவலிலேயே, லாலி எக்ஸ்டென்ஷன் என்ற குடியிருப்பாக வருகிறது. விடுதலைக்குப் பிந்தைய ‘லாலி ரோடு’ சிறுகதையில் நகராட்சி சர் பிரெடெரிக் லாலியின் சிலையை அகற்றத் தீர்மானிக்கிறது. அது கபீர் சந்திலுள்ள ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர, இறுதியில் அச்சந்தே லாலி ரோடு ஆகிறது. ஆனால் 1967இன் ‘தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்’ நாவலில் சிலை வழக்கம்போல் வெட்டவெளியில் நிற்கிறது. 1986, 1990 நாவல்களில் கபீர் தெரு பெயர் மாறாமல் இருக்கிறது. சந்தும் தெருவும் ஒன்றுதானா என்பது தனிக்கேள்வி.

பிழை என்று குதிப்பதும், கலைச் சுதந்திரம் என்று கைகழுவுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். பேரேட்டில் இதைப் பதிந்து பார்த்தால் விடை தெரியும். பொருள்: சிலை. நிலை: வீட்டுக்குள். ஆதாரம்: சிறுகதை. காலம்: விடுதலைக்குப் பின். சொல்பவர்: வாயாடி மனிதர். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். கதையளப்பதையே தொழிலாகக் கொண்டவரின் கூற்றுக்கும், நாவலின் படர்க்கைக் கதைசொல்லியின் கூற்றுக்கும் ஒரே மதிப்பில்லை. முன்னதை ‘ஒரு பாத்திரம் கூறியது’ எனவும், பின்னதை ‘கதையுலகில் உறுதி’ எனவும் பதிந்தால் முரண் அவிழ்ந்துவிடுகிறது; சிறுகதையின் நகைச்சுவையும் கூடுகிறது.

ஜேம்ஸ் ஃபென்னலியின் ஆய்வைக் கொண்டு வரையப்பட்ட மால்குடி வரைபடத்தைக் கதைப்பேரேடாகக் கொள்வதும் தவறு. வரைபடம் இடத்தைக் காட்டும். எந்த ஆண்டில், யார் சொல்லி என்பதைக் காட்டாது. எழுதிமுடித்தபின் வாசகர் தயாரித்தது அது. எழுதுபவர் வைத்துக்கொள்வதோ, ஒவ்வோர் அத்தியாயம் முடிந்த அன்றே, பழைய வரியை அழிக்காமல், மாற்றத்தைப் புதுவரியாகச் சேர்த்து வளர்ப்பது.

நாராயணுக்கு இத்தகைய ஏடு இல்லாமலும் காரியம் நடந்ததெனில், அதற்குக் காரணம் வேறு. அவருடைய ஒவ்வொரு நாவலும் பெரும்பாலும் தன் மாந்தரின் கணக்கைத் தானே முடித்துக்கொள்கிறது. நூலுக்கு நூல் தொடர்வன சரயு நதி, மெம்பி மலை, மார்க்கெட் ரோடு போன்ற சில பெயர்களே. ஒரே மாந்தரைப் பல நூல்களில் நடத்துபவருக்கு அந்த வசதி கிடையாது. கோனன் டாயில் 1887இல் வாட்சனின் தோளில் ஏற்படுத்திய குண்டுக்காயம், 1890இல் காலுக்கு இறங்கிவிட்டது. அங்கே பழிபோட வாயாடி மனிதர்கூட இல்லை. இரண்டையும் சொல்பவர் வாட்சனேதான்.