வெட்டிய பக்கத்தில் ஒளிந்திருந்த இ.எம்.ஐ

அடையாறில் வீடு தேடிக்கொண்டிருந்த தோழிக்கு ஒருவழியாக ஒரு வீடு பிடித்தது. ஹவுஸ் ஓனர் மாமி கேட்டது ஒன்றுதான்: "சம்பளம் வர்றதுக்கு ஏதாவது ஒரு ஆதாரம் அனுப்பும்மா."

தோழி பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்தாள். முதல் பக்கத்தின் மேல் பாதியில் பெயரும் சம்பளம் வரவான வரியும் இருந்தன. கீழே பர்சனல் லோன் இ.எம்.ஐ, நகைக்கடன் வட்டி, ஆஸ்பத்திரி பில். பிடிஎஃப் எடிட்டரில் கீழ்ப்பாதியை 'கிராப்' செய்து, மேல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவள் போனில் திறந்தாலும், மாமி போனில் திறந்தாலும் பாதிப் பக்கம்தான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து மாமியிடமிருந்து போன். "ஏம்மா, மாசாமாசம் இவ்ளோ இ.எம்.ஐ கட்டறியே, வாடகை கரெக்டா வந்துடுமா?"

யாரும் துப்பறியவில்லை. வாடகை ஒப்பந்தத்தோடு சேர்ப்பதற்காக மாமியின் மகன் அந்த பிடிஎஃப்பை லேப்டாப்பில் படமாக மாற்றியிருக்கிறார். வந்த படத்தில் முழுப் பக்கமும் இருந்தது!

காரணம் எளிது. பிடிஎஃப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் அளவைச் சொல்லும் சில 'பெட்டிகள்' உண்டு. 'மீடியா பாக்ஸ்' என்பது முழுத் தாள். 'கிராப் பாக்ஸ்' என்பது அந்தத் தாளில் எந்தப் பகுதியைத் திரையில் காட்ட வேண்டும் என்ற குறிப்பு. கிராப் பாக்ஸ் எழுதப்படவில்லை என்றால் மீடியா பாக்ஸ் அளவே அதற்கும் பொருந்தும். தோழியின் ஃபைலுக்குள் பார்த்தால் இப்படித்தான் இருந்திருக்கும்:

```
/MediaBox [0 0 595 842]
/CropBox [0 482 595 842]
```

எண்கள் 'பாயிண்ட்' கணக்கு. 72 பாயிண்ட் ஓர் அங்குலம். 595-க்கு 842 என்பது நம்ம ஏ4 தாள். கணக்கு பக்கத்தின் இடது கீழ் மூலையிலிருந்து தொடங்கும். அதனால் 482 முதல் 842 வரை என்றால் மேலிருந்து 5 அங்குலம் மட்டும் தெரியும். தோழி செய்த 'வெட்டு' மொத்தமும் அந்த இரண்டாவது வரிதான். கீழே இருந்த இ.எம்.ஐ வரிகளை எடிட்டர் தொடவே இல்லை. பெரிய சுவரில் சின்ன ஜன்னல் வைத்தது போல. ஜன்னல் வழியே தெரியாத அறை இடிந்துபோய்விடவில்லை.

பெரும்பாலான ஆப்கள் கிராப் பாக்ஸை மதிக்கின்றன. ஆனால் பிடிஎஃப்பைப் படமாக்கும் சில கருவிகள், தனியாகச் சொல்லாவிட்டால், மீடியா பாக்ஸையே எடுத்துக்கொள்ளும். மகன் பயன்படுத்தியது அப்படி ஒன்று. வேண்டுமென்றே தேடுகிறவருக்கு இன்னும் சுலபம். அக்ரோபேட்டில் கிராப் டயலாக்கைத் திறந்து 'Set to Zero' அழுத்தினால் மறைந்த பகுதி திரும்பிவிடும்.

இது கோளாறு அல்ல, அச்சகத்துக்காக வந்த வசதி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது, ஓரத்தில் வெட்டுக் குறிகள் உள்ள பெரிய தாளில்தான் வடிவமைப்பார்கள். பார்க்கிறவருக்கு அந்தக் குறிகள் தேவையில்லை, மெஷினுக்குத் தேவை. அதனால்தான் மறைத்தது மறைந்தபடியே பத்திரமாக இருக்கிறது. மேக் கம்ப்யூட்டரின் 'ப்ரிவ்யூ' கிராப் செய்யும்போதே, வெளியே இருப்பது அழியாது என்று எச்சரிக்கும். நாம்தான் படிக்காமல் ஓகே கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் ஃபைலில் என்ன நடந்திருக்கிறது என்று சந்தேகமா? வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஃபைல் சைஸைப் பாருங்கள். பாதிப் பக்கம் போயும் சைஸ் கிட்டத்தட்ட அப்படியே இருந்தால், உள்ளே எல்லாம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே நீக்க எளிய வழி, வெட்டிய பக்கத்தைத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படமாக அனுப்புவது. திரையில் இல்லாதது அதில் வராது. (எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி வெட்டுவதிலும் ஒருமுறை சிக்கல் வந்தது. கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய பகுதியை மீட்க முடிந்தது. 2023 மார்ச்சில் சரிசெய்தார்கள்.) அக்ரோபேட் ப்ரோ இருந்தால் 'Sanitize Document' வெட்டிய பகுதியையும் சேர்த்து அழிக்கும். 'பிரின்ட்' கொடுத்து மறுபடி பிடிஎஃப்பாகச் சேமிப்பதை நான் நம்ப மாட்டேன். சில நேரம் மறைந்த எழுத்தும் கூடவே வந்துவிடும்.

அதைவிட நல்லது, வேண்டாததை ஆரம்பத்திலேயே வாங்காமல் இருப்பது. ஆதாரில் இதற்கென்றே 'மாஸ்க்டு ஆதார்' இருக்கிறது: டவுன்லோடு செய்யும்போதே முதல் 8 இலக்கங்கள் இல்லாமல், கடைசி 4 மட்டும் வரும். ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் யுஐடிஏஐ-யின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று மத்திய அரசு இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கிவிட்டது. மாஸ்க்டு ஆதார் வசதி மட்டும் தொடர்கிறது.

தோழி இப்போது பேங்க் ஆப்பில் தேதியைத் தேர்ந்தெடுத்து, சம்பளம் வந்த ஒரு நாளுக்கான ஸ்டேட்மென்ட்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறாள். இ.எம்.ஐ முடிய இன்னும் சில மாதம்தான் என்று மாமியிடம் நேரில் போய்ச் சொல்லி, வீட்டுச் சாவியையும் வாங்கிவிட்டாள். பழைய ஃபைலை வாட்ஸ்அப்பில் அழிக்கப் பார்த்தாள். ஒரு வாரம் ஆகிவிட்டதால், 'அனைவருக்கும் நீக்கு' வரவே இல்லை.