திரும்பி வந்த சேலைகள்

திருக்காட்டுப்பள்ளி அண்ணி வீட்டுத் திண்ணையில் போன வாரம் மூணு பார்சல் உட்கார்ந்திருந்தது. "சீர்வரிசையா அண்ணி?" என்றேன். "வயித்தெரிச்சலக் கிளப்பாதீங்க தம்பி, எல்லாம் திரும்பி வந்தது" என்றார்.

அண்ணி இன்ஸ்டாகிராமில் காட்டன் சேலை விற்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு "சூப்பர் கலர்க்கா, அனுப்புங்க" என்பவர், கூரியர் பையன் வாசலில் நிற்கும்போது கதவைத் திறப்பதில்லை. கணவர் வீட்டில் இருப்பார். அல்லது தேதி 27 ஆகியிருக்கும். நமக்குத் தெரியாததா!

புது வியாதி இல்லை சார் இது. 1877-லேயே தபால் இலாகா வி.பி.பி. கொண்டு வந்துவிட்டது. வாங்க மறுத்தால் தபால் செலவு அன்றைக்கும் அனுப்பியவர் தலையில்தான்.

பி.காம். படித்த பாவத்துக்கு நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். சேலை விலை 600. கொள்முதல் 380, பை 10, கூரியர் 70, பணம் வசூலித்துத் தர 40. அண்ணிக்கு நிற்பது 100. திரும்பினால் அந்த 40 கிடையாது. ஆனால் போக 70, வர 60, பை 10, ஆக 140 தண்டம். பத்தில் மூணு திரும்பினால், ஏழு விற்ற 700-ல் 420 போய் மிச்சம் 280. அஞ்சு திரும்பினால் கையிலிருந்து 200 நஷ்டம்!

"அப்ப கேஷ் ஆன் டெலிவரியே வேணாமா?" என்றார். வேண்டாம் என்றால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். 150 மட்டும் முன்பணமாக ஜிபேயில் வாங்குங்கள், பாக்கி 450 வாசலில் என்றேன். அந்த 150 குத்துமதிப்பு இல்லை, 140-ஐ மூட வந்த தொகை. 'வாங்க மறுத்தால் முன்பணம் திரும்பாது. சேலையில் குறை என்றால் முழுசும் திரும்பும்' என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதிவிட வேண்டும். பிறகு சொன்னால் சண்டைதான்.

இந்த வாரம் ஆர்டர் ஆறுதான் வந்தது. அண்ணி முகம் வாடிவிட்டது. அதிலும் ஒன்று திரும்பியது. அஞ்சில் 500, திரும்பியதில் செலவு போக 10. ஆக 510!

இன்னொன்றும் திரும்பியிருக்கும். கூரியர் பக்கத்தில் 'கஸ்டமர் மறுத்தார்' என்று வந்தது. அண்ணி அன்றைக்கே போன் போட்டால், "யாருமே வரலியேக்கா!" என்றார் அந்தப் பெண். பையன் வெயிலுக்குப் பயந்து அப்படிப் போட்டிருக்கலாம். உடனே மறு டெலிவரி கேட்டதில் மறுநாள் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் விட்டிருந்தால் பார்சல் லாரி ஏறியிருக்கும்.

திரும்பிய அந்த ஒன்றை, செல்போனில் படம் பிடித்துக்கொண்டே பிரித்தார் அண்ணி. போன மாதம் ஒரு பையைப் பிரித்தபோது உள்ளே சேலைக்குப் பதில் பழைய லுங்கி. சாட்சி இல்லாததால் புகார் எடுபடவில்லை. அந்த லுங்கியை இப்போது அண்ணன் கட்டிக்கொண்டிருக்கிறார்.