ஃபயர்வாலை அணைப்பது தீர்வன்று

ஆய்வகத்தின் எஃப்.டி.பி. சர்வரிலிருந்து தரவு இறங்கவில்லை என்று மாணவர் முறையிட்டால், பொறுப்பாளரிடமிருந்து பெரும்பாலும் வரும் விடை: "உங்கள் ஃபயர்வாலை அணைத்துவிட்டு முயலுங்கள்." தன் பிழையைக் கேட்டவர் தலையில் கட்டும் விடை இது.

முறையீட்டிலேயே காரணம் இருக்கிறது. கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, கோப்புப் பட்டியலைக் கேட்டதும் திரை உறைகிறது. எஃப்.டி.பி. இரண்டு இணைப்புகளில் இயங்குவது. கட்டளைகள் 21ஆம் போர்ட்டில் செல்கின்றன. பட்டியலும் கோப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கப்படும் மற்றோர் இணைப்பில் வருகின்றன. உறைவது அந்த இரண்டாவது இணைப்பு.

ஆக்டிவ் முறையில் அதைத் திறப்பது சர்வர். மாணவரின் கணினி ஒரு போர்ட் எண்ணை அறிவிக்க, சர்வர் வெளியிலிருந்து அதை நோக்கி வருகிறது. அழைக்காமல் வரும் இணைப்பை வீட்டு ரூட்டர் உள்ளே விடாது; அதன் வேலையே அது. கணினியின் ஃபயர்வாலை அணைத்தாலும் ரூட்டர் அங்கேயேதான் இருக்கும். பாஸிவ் முறையில் சர்வர் எண்ணைச் சொல்ல, மாணவரின் கணினி அதை நாடிச் செல்கிறது. ஃபயர்வால்களுக்கு இதுவே ஏற்றதென 1994இலேயே ஆர்.எஃப்.சி. 1579 எழுதிவிட்டது.

பாஸிவிலும் உறைந்தால் சர்வரின் இந்த விடையைப் படிக்கவேண்டும்:

```
227 Entering Passive Mode (203,0,113,25,195,80)
```

முதல் நான்கு எண்கள் முகவரி. கடைசி இரண்டும் போர்ட்: 195 × 256 + 80 = 50000. பொறுப்பாளர் 21ஐ மட்டும் திறந்துவைத்திருந்தால், 50000ஐத் தட்டும் கணினிக்கு மறுப்புகூட வராது. சர்வர் பக்க ஃபயர்வால் அதை ஓசையின்றி விழுங்கிவிடும். மறுத்திருந்தால் உடனே பிழைச்செய்தி வந்திருக்கும். மௌனம் காத்ததால்தான் இந்தக் காத்திருப்பு. அடைப்புக்குறிக்குள் 10 அல்லது 192,168 என்று தொடங்கும் எண் தென்பட்டால் பிழை வேறு: சர்வர் தன் உள்முகவரியை வெளியாருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சில மென்பொருள்கள் அதைப் புறக்கணித்துச் சமாளிப்பதால், "எனக்கு வேலை செய்கிறதே" என்ற வாதமும் கிளம்புகிறது.

"டி.எல்.எஸ். குறியாக்கம் வந்தபின்தான் தொல்லை, அதை நீக்குங்கள்" என்பாரும் உளர். அதுவரை இடையிலிருந்த ஃபயர்வால் உரையாடலை ஒட்டுக்கேட்டு உரிய போர்ட்டைத் தானே திறந்துவந்தது. குறியாக்கம் அதன் காதை அடைத்தது; அமைப்பில் முதலிலிருந்தே இருந்த குறை வெளிப்பட்டது, அவ்வளவே. இதற்காகக் கடவுச்சொல்லை மறைப்பின்றி அனுப்பச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

vsftpd சர்வரில் எழுதவேண்டியவை மூன்றே வரிகள்:

```
pasv_min_port=50000
pasv_max_port=50100
pasv_address=203.0.113.25
```

முகவரிக்குப் பதில் சர்வரின் உண்மையான வெளிமுகவரியை இட்டு, அந்த 101 போர்ட்டுகளையும் சர்வர் பக்க ஃபயர்வாலில் திறக்கவேண்டும். இரண்டும் பொறுப்பாளரின் கையில் உள்ளவை. மாணவரால் அவற்றைத் தொடவும் முடியாது.