ஏ.டி.எம். பணம் தரவில்லையா? தேதியைக் குறித்து வையுங்கள்!

கோட்டைக்குப்பத்தில் மீன் விற்கும் பெண் ஒருவர், மார்ச் 3 அன்று ஏ.டி.எம்.மில் 5,000 ரூபாய் எடுக்கப் போகிறார் என்று வையுங்கள். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் அது கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தவறினால், அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் தர வேண்டும்.

மார்ச் 10 அன்று அவர் வங்கியில் புகார் தருகிறார். மேனேஜரிடம் வாயால் சொன்னால் போதாது; எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனை அணுகலாம். கட்டணம் கிடையாது. வங்கிக்குப் போகாமல் நேரே போனால் மனு ஏற்கப்படாது.

2021-ம் ஆண்டுத் திட்டப்படி, பதில் கிடைத்திருந்தால் அன்றிலிருந்து ஓராண்டு அவகாசம். பதிலே வராவிட்டால், புகார் தந்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாளும். இவருக்கு மறு ஆண்டு ஏப்ரல் 9 வரை.

cms.rbi.org.in தளத்தில் பதியும்போது முத்திரையிட்ட நகல், ஏ.டி.எம். சீட்டு, எஸ்.எம்.எஸ்., பணம் கழிந்த பாஸ்புக் பக்கம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். ஆம்பட்ஸ்மேன் வங்கியிடம் விளக்கம் கேட்டு, முதலில் சமரசத்துக்கு முயல்வார், முடியாவிட்டால் தீர்ப்பளிப்பார். சீட்டு வராவிட்டாலும் எஸ்.எம்.எஸ்.ஸை அழித்துவிடக் கூடாது; நேரமும் தொகையும் அதில்தான் இருக்கும்.